தெரியாததையும் எழுதினேன், டியூட்டர் வேலை கிடைத்தது

2022 ஜூன் மாதம் என் இரண்டு வளையல்களை அடகு வைத்து ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினேன். வளைகுடாவில் ஐ.சி.யூ. நர்ஸ் வேலை, ஆறு மாதத்தில் விமானம் என்றார்கள். பதினேழு மாதம் கழித்து, விமானமும் ஏறாமல், போட்ட 38,000 ரூபாயும் திரும்பி வராமல், மதுரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்தேன். இடையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றுதான். ஏஜென்சிக்காரர் எழுதிக்கொடுத்த புரொஃபைலை அழித்துவிட்டு, எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நானே உட்கார்ந்து எழுதினேன். நைட் டூட்டியில் உழன்றுகொண்டு வேறு வேலை தேடும் நர்ஸ்கள் நிறைய பேர் இருப்பீர்கள். என்னிடம் யாரும் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2015-ல் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். அந்த அக்டோபரிலிருந்து 2016 டிசம்பர் வரை ஒரு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு. பிறகு மகள் பிறந்தாள். 2017 முழுக்க வீட்டில் இருந்தேன். 2018 ஜனவரியில் வேறு ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் சேர்ந்தேன். மாதத்தில் பாதிக்கு மேல் நைட் என்று ஆரம்பித்து, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நானே கேட்டு முழு நைட் வாங்கிக்கொண்டேன். இரவு 8 முதல் காலை 8 வரை. பகலில் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரலாம் என்பதுதான் கணக்கு. நாலு வருடத்தில் உடம்பு வேறு கணக்கு காட்டியது. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் படுத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வராது. மாமியார் மிக்ஸி போட்டால் பம்ப் அலாரம் என்று நினைத்து எழுந்து உட்கார்வேன். வெளிநாடு போனால் கடனும் அடையும், நைட்டும் குறையும் என்ற நினைப்பில்தான் ஏஜென்சி வாசலை மிதித்தேன்.

அந்த ஆபீசில் இருந்தவர் நான் கொண்டுபோன ஒரு பக்க பயோடேட்டாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “சிஸ்டர், இது ரொம்ப வீக்கா இருக்கே. நாங்க ரெடி பண்ணித் தர்றோம்” என்றார். அதற்குத் தனியாக 8,000 ரூபாய். பதிவுக்கட்டணம் என்று 25,000 ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள், அப்புறம் சான்றிதழ் வேலைக்கு 5,000. மூன்று நாளில் இரண்டு பக்க ஆங்கிலப் புரொஃபைல் ஒன்று மெயிலில் வந்தது. வேலை தேடும் தளத்திலும் அவர்களே ஏற்றிவிட்டார்கள். படித்தபோது யாரோ பெரிய ஆளைப் பற்றிப் படிப்பது போல இருந்தது. 2015 முதல் இடைவிடாமல் ஐ.சி.யூ., மொத்தம் 6 ஆண்டு 8 மாதம் என்று இருந்தது. உண்மையில் அப்போது என் ஐ.சி.யூ. அனுபவம் 4 ஆண்டு 5 மாதம். வார்டு வேலையும் மகள் பிறந்த வருடமும் காணாமல் போயிருந்தன. வென்டிலேட்டரைத் தனியாகக் கையாள்வார், சி.ஆர்.ஆர்.டி. தனியாகச் செய்வார், தலைமைப் பண்பு உண்டு, நெருக்கடியிலும் நிதானமானவர், இப்படி ஒரு பட்டியல். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. நாலு வருடம் ராத்திரியில் ஓடியவளைப் பற்றி யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. “இப்படித்தான் எல்லாரும் போடுவாங்க” என்றார் ஏஜென்சிக்காரர். சரி என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் வீடியோவில் முதல் இன்டர்வியூ. எதிரில் இருந்த அம்மா மலையாளி, நாற்பத்தைந்து வயது இருக்கும், மிக மரியாதையாகப் பேசினார். என் புரொஃபைலில் சி.ஆர்.ஆர்.டி. என்ற வரியைப் பிடித்தார். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சிறுநீரகம் நின்றுபோய், வழக்கமான நாலு மணி நேர டயாலிசிஸைத் தாங்கும் அளவுக்கு பி.பி. இல்லாத நோயாளிக்கு, மெதுவாக நாள் முழுக்க ரத்தத்தைச் சுத்தம் செய்வதுதான் அது. “ஃபில்டர் அடைக்க ஆரம்பித்தால் மெஷினில் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன் மெஷினை ஓட்டுவார், நான் பக்கத்தில் நின்று மணிக்கு மணி எவ்வளவு நீர் எடுத்தது என்று எழுதுவேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் “அலாரம் வரும், டாக்டருக்கு இன்ஃபார்ம் பண்ணுவேன்” என்றேன். அவர் இரண்டு விநாடி என்னைப் பார்த்துவிட்டு, ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள பிரஷர் வித்தியாசமும் டி.எம்.பி. என்ற அளவும் படிப்படியாக ஏறுவதை அலாரத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று ஒரு டீச்சர் போலச் சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை. நன்றி சொல்லி முடித்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்த வென்டிலேட்டர் பராமரிப்பு, சக்ஷன், பிரஷர் புண் வராமல் பார்ப்பது, எதைப் பற்றியும் அவர் கேட்கவே இல்லை. ஒரு பொய்யைக் கண்டுபிடித்தவர் மற்ற வரிகளை ஏன் நம்பப்போகிறார்?

அடுத்து 2023 மார்ச்சில் இன்னொரு இடம். அங்கே மாதவாரியாகத் தேதி கேட்டார்கள். நான் ஏஜென்சிக்குப் போன் போட்டு 2017-க்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். பழைய தேதி போட்டு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம், 12,000 ஆகும் என்றார்கள். அன்றைக்குத்தான் பயம் வந்தது. வளைகுடா நாடுகளில் நர்ஸ் லைசென்ஸ் தருவதற்கு முன் நம் சான்றிதழ்களை, அதைக் கொடுத்த கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலுமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அங்கே ‘அப்படி ஒரு ஆள் அந்த வருடம் இங்கே இல்லை’ என்று பதில் வந்தால், ஏஜென்சிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. போவது என் பெயர். மாட்டேன் என்றேன். “அப்ப உங்க ஃபைல் மூவ் ஆகாது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டார்கள். கட்டிய பணத்தில் 8,000-க்கு மட்டும்தான் என்னிடம் ரசீது இருந்தது. மீதிக்கு வாட்ஸ்அப்பில் ‘ரிசீவ்ட்’ என்ற ஒரு வார்த்தை.

இந்த இடத்தில் பணம் பற்றி இரண்டு விஷயம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். eMigrate தளத்தில் அவர்கள் பெயரையும் பதிவு எண்ணையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வேலை கிடைத்தவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதும் தர வேண்டும். பதிவுக்கு, புரொஃபைலுக்கு, ஃபைல் நகர்த்துவதற்கு என்று துண்டு துண்டாகக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் நர்ஸ்களை எடுத்து அனுப்புகிறது. நான் விசாரித்திருக்க வேண்டிய முதல் இடம் அது. இதெல்லாம் வளையல் போன பிறகு தெரிந்துகொண்டது.

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் புரொஃபைலைத் திறக்கவே பிடிக்கவில்லை. டூட்டிக்குப் போனேன், வந்தேன். ஜூலை கடைசியில் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும். சேர்ந்து மூன்று வாரமான பெண் ஒருத்தி என் பக்கத்துக் கட்டிலில், பி.பி. ஏற்றும் மருந்தான நோரட்ரினலினுக்குப் பம்ப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். பம்பில் 4.5 என்று இருந்தது. டாக்டர் எழுதிய டோஸுக்கு அது சரியான எண்தான். ஆனால் சிரிஞ்சில் அவள் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தேன், ‘8 மில்லிகிராம், 50 மில்லி’ என்று இருந்தது. எங்கள் யூனிட்டில் 50 மில்லிக்கு 4 மில்லிகிராம்தான் கலப்போம். பழைய இடத்துப் பழக்கத்தில் இரண்டு ஆம்பூல் உடைத்துக் கலந்துவிட்டு, எங்கள் சார்ட்டைப் பார்த்து எண்ணை வைத்திருக்கிறாள். ஸ்டார்ட் அழுத்தியிருந்தால் நோயாளிக்கு இரண்டு மடங்கு போயிருக்கும். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளுக்கு வியர்த்துவிட்டது.

சிரிஞ்சை மாற்றிக் கலந்து, நோயாளியைப் பார்த்துவிட்டு, அவளை நர்சிங் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். நோயாளி 60 கிலோ. டாக்டர் எழுதியது ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம், மணிக்கு 360. இது வரைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் மாறாது, இது நோயாளியின் கணக்கு. இதற்குப் பிறகுதான் சிரிஞ்சின் கணக்கு. 4 மில்லிகிராம் என்றால் 4,000 மைக்ரோகிராம், அதை 50 மில்லியில் கலந்தால் ஒரு மில்லியில் 80. 360-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மில்லி. அதே 50 மில்லியில் 8 மில்லிகிராம் கலந்தால் ஒரு மில்லியில் 160, வேகம் 2.25. “பம்புக்கு மருந்து தெரியாதும்மா, மில்லிதான் தெரியும். லேபிளைப் படிக்காம நம்பரை மட்டும் வச்சா அது சொன்னபடி தள்ளிவிட்டுரும்” என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டு, “அக்கா, காலேஜ்ல இந்தக் கணக்கை ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணினேன். நோயாளி கணக்கு தனி, சிரிஞ்ச் கணக்கு தனின்னு யாரும் பிரிச்சுச் சொல்லல” என்றாள்.

காலையில் பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. நான் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வந்தவர்களில் பதினாலு பேர் என்னோடு நைட்டில் நின்று பழகியவர்கள். பகலில் டாக்டர், இன்சார்ஜ், சூப்பர்வைசர் எல்லோரும் இருப்பார்கள். நைட்டில் புதுப்பெண்ணுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டில் அக்காதான். ஏஜென்சி போட்ட இரண்டு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. என்னிடம் கேட்காமல் எழுதியதில் எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து பத்து நைட் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். டூட்டி முடிந்து பஸ் ஏறியதும் அன்று செய்ததை எழுதுவேன். பக்கத்தை மூன்றாகப் பிரித்திருந்தேன்: தனியாகச் செய்தது, ஒருவர் துணையோடு செய்தது, பார்த்தது மட்டும். இதை எல்லோரும் செய்து பாருங்கள், நமக்கே ஆச்சரியமாக இருக்கும். நான் ‘தெரியும்’ என்று நினைத்த சில வேலைகள் இரண்டாவது பத்தியில் போய் விழுந்தன. ரத்தவாயு ரிப்போர்ட்டில் ஆசிடோசிஸ், ஆல்கலோசிஸ் வரை நானே படிப்பேன், கலவையான கேஸ் என்றால் டாக்டரைக் கேட்பேன். சி.ஆர்.ஆர்.டி. மூன்றாவது பத்தி. குழந்தைகள் ஐ.சி.யூ. எந்தப் பத்தியிலும் இல்லை, அந்தப் பக்கமே போனதில்லை. ஆனால் நோட்டின் ஓரத்தில் இடம் பற்றாமல் எழுதிக்கொண்டே வந்த ஒன்று இருந்தது. அன்றன்று யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்பது. பத்து நைட்டில் எட்டு நைட் ஏதாவது ஒன்று இருந்தது.

பிறகு இரண்டு ஆஃப் நாட்களில் புதிய புரொஃபைலை எழுதினேன். முதலில் தேதிகள், மாதத்தோடு. 2017-க்கு நேராக ‘மகப்பேறு, குழந்தை வளர்ப்பு’ என்று போட்டேன். அந்த வரியை எழுதக் கை தயங்கியது. எழுதிய பிறகு பார்த்தால் அது வெறும் ஒரு வரி, அதை மறைக்க ஒரு ஆள் என்னிடம் 12,000 கேட்டார். பிறகு ‘தலைமைப் பண்பு’ மாதிரியான சொற்களை எல்லாம் தூக்கிவிட்டு வேலையை எழுதினேன். ஒரு நைட்டில் வென்டிலேட்டரில் உள்ள இரண்டு நோயாளிகள் வரை என் பொறுப்பு என்று. பிறகு தனிப் பத்தியாக: ‘புதிதாகச் சேர்ந்த 14 நர்ஸ்களுக்கு நைட் டூட்டியில் மருந்துக் கணக்கு, லேபிள், ஹேண்ட்ஓவர் பழக்கியிருக்கிறேன். இது எனக்கு ஒப்படைக்கப்பட்ட பதவி இல்லை, வேலையோடு வந்தது.’ கடைசி வாக்கியத்தைப் போடாவிட்டால் படிப்பவர் என்னை டிரெயினிங் இன்சார்ஜ் என்று நினைத்துக்கொள்வார். அதுவும் ஒரு வகைப் பொய்தானே. அதற்குக் கீழே: ‘சி.ஆர்.ஆர்.டி. பார்த்து, அளவு எழுதியிருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை. குழந்தைகள் பிரிவில் அனுபவம் இல்லை.’

ஒரு வரிக்கு மட்டும் ரொம்ப யோசித்தேன். 2018-ல் நானே ஒரு தவறு செய்யப்போனவள். பம்பில் 4.5-க்குப் பதில் 45 என்று வைத்துவிட்டேன், புள்ளி விழவில்லை. பத்து மடங்கு. ஸ்டார்ட் அழுத்தும் முன் சீனியர் அக்கா பார்த்துவிட்டார். அதை எழுதினால் வேலை போகுமா, வருமா? கடைசியில் எழுதினேன்: ‘முதல் வருடத்தில் என் தசமப்புள்ளித் தவறு ஒன்றை சீனியர் தடுத்தார். அன்றிலிருந்து இன்னொருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் நான் ஸ்டார்ட் அழுத்துவதில்லை.’ இதில் கவனம் வேண்டும். நோயாளி யார், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று அடையாளம் தெரியும் எதையும் எழுதக்கூடாது. ஐ.சி.யூ.க்குள் எடுத்த போட்டோவையும் போடக்கூடாது. உண்மையை எழுதுகிறேன் என்று நோயாளியின் ரகசியத்தை எழுதிவிட்டால் அது தனிக் குற்றம்.

இன்னொரு சின்னத் திருத்தம், ஆனால் அதுதான் எனக்கு வேலை வாங்கிக்கொடுத்தது என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார். போன் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நைட் டூட்டி, மாலை 4-க்கு மேல் அழைக்கவும்’ என்று போட்டேன். அதற்கு முன் ஏழெட்டு மிஸ்டு கால் பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் வந்திருக்கிறது. ஆபீஸ் நடக்கும் நேரம் நமக்கு நடுராத்திரி. தூக்கத்தில் எடுத்து ஒரு முறை “எந்த பெட்?” என்று கேட்டிருக்கிறேன், எதிரில் இருந்தவர் வைத்துவிட்டார்.

வேலையின் பெயரையும் மாற்றினேன். ‘ஐ.சி.யூ. நர்ஸ்’ என்று மட்டும் இருந்த இடத்தில் ‘கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் அல்லது டியூட்டர் வேலை தேடுகிறேன்’ என்று சேர்த்தேன். எம்.எஸ்சி. இல்லாமல் கல்லூரிப் பக்கமே போக முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி டியூட்டருக்கு எம்.எஸ்சி. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து ஒரு வருட அனுபவம் போதும். அதற்கு மேல் அசிஸ்டன்ட் புரொஃபசர் என்று போக எம்.எஸ்சி. கட்டாயம். ஜி.என்.எம். மட்டும் முடித்த தோழிகள் போஸ்ட் பேசிக் படித்துவிட்டுத்தான் இந்த வழியில் வர முடியும்.

செப்டம்பரில் இரண்டு கல்லூரியிலிருந்து போன் வந்தது. முதல் போனில் பேசியவர் என் அனுபவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. “டெய்லி வர வேண்டாம்மா. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு வந்தா போதும். ஒரிஜினல் சர்டிஃபிகேட் எங்ககிட்ட இருக்கட்டும், மாசம் ஒரு தொகை போட்டுவிடறோம்” என்றார். நைட் வேலையையும் விட வேண்டியதில்லை. வளையலுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்த நேரம், ஒரு நாள் முழுக்க மனசு ஆடியது, பொய் சொல்லவில்லை. அப்புறம் யோசித்தேன். ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டிலும் கல்லூரி ஆசிரியர் பட்டியலிலும் ஒரே நாளில் என் பெயர் இருக்கும். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது கவுன்சிலில் பதிவு வைத்திருக்கும் நான். அதைவிட, பொய்ப் புரொஃபைலிலிருந்து வெளியே வர இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பொய் டியூட்டராகவா போவது? இந்தப் பேச்சு உங்களுக்கும் வரும். அடையாளம் சுலபம்: பாடத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஒரிஜினலைப் பற்றிப் பேசுவார்கள். ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள், நகல் மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது போன் மாலை 4.20-க்கு வந்தது. பிரின்சிபாலே பேசினார். “நாலு மணிக்கு மேலன்னு போட்டிருந்தீங்க, அதான் இப்பக் கூப்பிடறேன்” என்றார். ஒரு வாரம் கழித்து நேரில் வரச்சொன்னார், பதினைந்து நிமிடம் டெமோ கிளாஸ் எடுக்க வேண்டும், தலைப்பு என் விருப்பம். நைட் முடிந்து நேராகப் போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்கிறேன், நான் அப்படித்தான் போனேன். லீவு கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு கழிவறையில் புடவை மாற்றிக்கொண்டு, இரண்டு காபி குடித்துவிட்டுப் போய் நின்றேன்.

எதிரில் மூன்றாம் ஆண்டு மாணவிகள் இருபது பேர், பின்னால் பிரின்சிபாலும் இரண்டு ஆசிரியைகளும். ஸ்லைடு எதுவும் செய்யவில்லை, எனக்கு அது சரியாகவும் வராது. ஒரு 50 மில்லி சிரிஞ்சும் லேபிள் ஸ்டிக்கரும் கொண்டுபோயிருந்தேன். போர்டை நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ‘நோயாளி’, வலப்பக்கம் ‘சிரிஞ்ச்’ என்று எழுதி அந்த 60 கிலோ கணக்கைப் போட்டேன். 360 வந்ததும் நிறுத்தி, “பம்ப்ல என்ன நம்பர் வைப்பீங்க?” என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி டக்கென்று 4.5 என்றாள். எங்கோ பார்த்திருக்கிறாள். “என் சிரிஞ்சுல எவ்வளவு கலந்திருக்கேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே” என்றேன். ஒரு நிமிடம் அமைதி, பிறகு வகுப்பே சிரித்தது. சிரிஞ்சை அவள் கையில் கொடுத்து லேபிளைப் படிக்கச் சொன்னேன். 8 மில்லிகிராம். அதற்குள் பதினைந்து நிமிடம் முடிந்துவிட்டது. நான் தயாரித்ததில் பாதிதான் நடத்தியிருந்தேன்.

அறைக்குள் பிரின்சிபால் என் புரொஃபைலைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். அவர் பேனாவால் கோடு போட்டிருந்தது இரண்டு இடத்தில். ஒன்று அந்தத் தசமப்புள்ளி வரி. இன்னொன்று ‘குழந்தைகள் பிரிவில் அனுபவம் இல்லை’. “பீடியாட்ரிக் போஸ்டிங்குக்கு உங்களை அனுப்பினா என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “அனுப்பாதீங்க மேடம். இல்ல, அனுப்பணும்னா முதல்ல நான் ஒரு மாசம் அங்க போய்க் கத்துக்கறேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “இங்க வர்ற பயோடேட்டால எல்லாரும் எல்லாம் தெரிஞ்சவங்க. யாரை எங்க போடறதுன்னே எனக்குத் தெரியமாட்டேங்குது” என்றார். மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவுக்கு எடுத்தார்கள்.

சம்பளம் 19,000. ஆஸ்பத்திரியில் நைட் படியோடு 21,500 வாங்கிக்கொண்டிருந்தேன். ஆசிரியை வேலை என்றதும் சம்பளம் கூடும் என்று நினைத்து யாரும் வந்துவிடாதீர்கள், எனக்குக் குறைந்தது. வளையலை மீட்பது இன்னும் தள்ளிப்போனது. வீட்டில் ஒரு வாரம் பேசித்தான் முடிவெடுத்தோம். மகளிடம் கேட்டபோது “ராத்திரி நீ வீட்ல இருப்பியா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அதில் இருந்தால்தான் புரொஃபைலில் நாம் எழுதியதற்குச் சாட்சி. மூன்று முறை நடந்து மாற்றி வாங்கினேன். வேலையை விட்ட பிறகு கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள், கடைசி நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கவுன்சில் பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பரில் சேர்ந்தேன். முதல் இரண்டு மாதம் தூக்கம் பழகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து மறுநாள் லெசன் பிளான் எழுதுவேன். அனாட்டமி மறந்துபோயிருந்தது, மாணவிகளுக்கு முன் ஒரு நாள் நான் படித்தேன். ஒருத்தி சி.ஆர்.ஆர்.டி. பற்றிக் கேட்டபோது முதல் இன்டர்வியூவில் அந்த மலையாளி அம்மா சொன்னதைத்தான் சொன்னேன், ஃபில்டரின் இரண்டு பக்கத்துப் பிரஷரை அலாரத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று. நான் அதைத் தனியாக ஓட்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஏஜென்சியிலிருந்து போன பொங்கலுக்கு முன்பு ஒரு மெசேஜ் வந்தது. புது வேகன்சி இருக்கிறதாம், புரொஃபைலை அப்டேட் செய்ய 3,000 ஆகுமாம். நானே எழுதியதை அனுப்பி, இதையே அனுப்புங்கள், பணம் தரமாட்டேன் என்று போட்டேன். “சிஸ்டர், இதுல தெரியாதுன்னு எல்லாம் எழுதியிருக்கே, எடுத்துடலாமா?” என்று பதில் வந்தது. அன்று கிளினிக்கல் போஸ்டிங், ஒரு மாணவி முதல் முறையாகத் தானே எழுதிய லேபிளோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். போனைப் பையில் போட்டுவிட்டு, எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.